சாட்பாட் பதிலுக்கு இன்னொரு சாட்பாட் நடுவரா? தீர்ப்பு எங்கே சாயும்?

சாட்பாட் எனும் உரையாடல் மென்பொருளை ஒரு நிறுவனம் வாங்கப் போகிறது. சந்தையில் நிறைய இருக்கிறது. எது நன்றாகப் பதில் சொல்லும்?

ஆட்களை வைத்துச் சோதிக்கலாம். ஆனால் ஆயிரம் கேள்விகளுக்கு இரண்டு சாட்பாட் தரும் பதில்களை ஒருவர் படித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். மென்பொருளைக் கொஞ்சம் மாற்றினாலும் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

அதனால் இப்போது பலரும் செய்வது: மூன்றாவதாக ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலை நடுவராக உட்கார வைப்பது. சில மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும். செலவும் குறைவு.

வேகம் சரி. தீர்ப்பு சரியா?

எப்படி நடக்கிறது?

நடுவர் மாடலிடம் மூன்றைக் கொடுக்கிறார்கள்: வாடிக்கையாளரின் கேள்வி, முதல் பதில், இரண்டாவது பதில். கூடவே ஒரு கட்டளை. "இரண்டையும் படித்துப் பாருங்கள். எது பயனுள்ளது, சரியானது? முதலாவதா, இரண்டாவதா, சமமா?"

நடுவர் காரணம் எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். சில சோதனைகளில் ஒப்பீடு இருக்காது. ஒரே பதிலுக்கு 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் மட்டும் போடும்.

இந்த முறை பரவலாகப் பேசப்பட்டது 2023-இல். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் எம்டி-பெஞ்ச் என்ற சோதனையை வெளியிட்டார்கள். அதில் 80 கேள்விகள். நடுவராக இருந்தது ஜிபிடி-4.

சமம் என்று சொன்ன தீர்ப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, ஜிபிடி-4-இன் தீர்ப்பும் மனிதர்களின் தீர்ப்பும் 85 விழுக்காடு ஒத்துப்போயின. மனிதர்களுக்குள்ளேயே ஒத்துப்போனது 81 விழுக்காடுதான்.

"அப்போ மனிதனே வேண்டாமே" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. இந்த நடுவருக்குச் சில சாய்வுகள் உண்டு.

முதல் சாய்வு: எது முதலில் இருக்கிறது?

ஒரே இரண்டு பதில்கள். முதல் முறை அ-வை மேலேயும் ஆ-வைக் கீழேயும் வைத்துக் கேட்கிறோம். அடுத்த முறை இடம் மாற்றிக் கேட்கிறோம். பதில்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தீர்ப்பும் மாறக் கூடாது, இல்லையா?

மாறுகிறது.

பெர்க்லி ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒரே தரத்திலுள்ள இரண்டு பதில்களை இப்படி இடம் மாற்றிச் சோதித்தார்கள். ஜிபிடி-4 இரண்டு தடவையும் ஒரே தீர்ப்பைச் சொன்னது 65 விழுக்காடு கேள்விகளில்தான். ஏறக்குறைய 30 விழுக்காட்டில் எந்தப் பதிலாக இருந்தாலும் முதலில் வைத்ததையே அது தேர்ந்தெடுத்தது. அப்போதைய கிளாட் மாடல் ஒரே தீர்ப்பைச் சொன்னது 24 விழுக்காட்டில் மட்டும்.

அதே ஆண்டு சீனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். வீக்குனா என்ற சிறிய மாடலையும் சேட்ஜிபிடியையும் மோதவிட்டார்கள். நடுவரும் சேட்ஜிபிடியே. பதில்களை வைக்கும் வரிசையை மட்டும் மாற்றியதில், 80 கேள்விகளில் 66-இல் வீக்குனாவை வெல்ல வைக்க முடிந்தது.

வீக்குனா ஒரே நாளில் கெட்டிக்காரராகவில்லை. உட்காரும் நாற்காலிதான் மாறியது.

எப்போது இது அதிகம்? இரண்டு பதில்களின் தரம் நெருக்கமாக இருக்கும்போது. கட்டுரை எழுதுவது, ஆலோசனை சொல்வது போன்ற கேள்விகளில் கூடுதல். கணக்கு, நிரல் எழுதுவது போன்றவற்றில் குறைவு. ஒன்று தெளிவாகத் தப்பு, மற்றது தெளிவாகச் சரி என்றால் இடம் பெரிதாகப் பாதிப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது நெருக்கமான தரத்தில் உள்ள இரண்டைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு குளிர்சாதனக் கடை என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் கேட்ட 100 கேள்விகளை எடுக்கிறார்கள். மாடல் அ, மாடல் ஆ இரண்டும் பதில் எழுதுகின்றன. (கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.)

முதல் சுற்றில் அ-வின் பதில் முதலில். முடிவு: அ 62, ஆ 38.

இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டால் "அ-தான் பெட்டர்" என்று ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும்.

இரண்டாம் சுற்றில் ஆ-வின் பதில் முதலில். முடிவு: அ 40, ஆ 60.

இப்போது ஒவ்வொரு கேள்வியாக இரண்டு சுற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்:

* இரண்டு சுற்றிலும் அ வென்றது: 37 கேள்விகள்
* இரண்டு சுற்றிலும் ஆ வென்றது: 35 கேள்விகள்
* எது முதலில் இருந்ததோ அதுவே வென்றது: 25 கேள்விகள்
* எது இரண்டாவதோ அதுவே வென்றது: 3 கேள்விகள்

கடைசி 28 கேள்விகளில் நடுவர் பதிலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. இடத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. அவற்றைச் சமம் என்று ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது 37-க்கு 35. அதாவது, வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம்.

62-க்கு 38 என்ற பெரிய வெற்றி எங்கிருந்து வந்தது? முதல் நாற்காலியிலிருந்து வந்தது.

ஆகவே ஒரு சோதனை அறிக்கை கைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இடம் மாற்றி இரண்டு தடவை ஓட்டினீர்களா? எத்தனை கேள்விகளில் தீர்ப்பு மாறியது?" இரண்டாவது எண்ணை யாரும் சொல்லவில்லை என்றால், வெற்றி விழுக்காட்டை நம்புவது கஷ்டம்.

இரண்டாவது சாய்வு: நீளமாக இருந்தால் நல்லது

பள்ளித் தேர்வில் கூடுதல் தாள் வாங்கி எழுதினால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. இந்த நடுவரிடம் அது ஓரளவு பலிக்கிறது.

அல்பாக்கா-இவால் என்பது பிரபலமான ஒரு தரவரிசை. மாடல்களின் பதில்களை ஓர் அடிப்படை மாடலின் பதில்களோடு ஒப்பிட்டு, வெற்றி விழுக்காட்டைச் சொல்லும். நடுவர் ஒரு மாடல்தான்.

2024-இல் அதை நடத்தும் ஆய்வாளர்களே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஜிபிடி-4 மாடல். ஒரு தடவை "சுருக்கமாகப் பதில் சொல்" என்றார்கள். இன்னொரு தடவை "முடிந்தவரை விவரமாகச் சொல்" என்றார்கள். வெற்றி விழுக்காடு 22.9-லிருந்து 64.3 வரை ஆடியது.

மாடலின் அறிவு அதேதான். மாறியது பேசும் அளவு. ஆனால் தரவரிசையில் அது பெரிய தூரம்.

பிறகு, பதில்களின் நீளம் ஒன்றாக இருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று கணித்துத் திருத்தினார்கள். ஆட்டம் 41.9-லிருந்து 51.6 வரை என்று சுருங்கியது. முழுசாகப் போகவில்லை, ஆனால் நிறையக் குறைந்தது. அப்படித் திருத்திய வரிசை, பொதுமக்களின் வாக்குகளைக் கொண்டு உருவான வரிசைக்கும் முன்பைவிட நெருக்கமாக வந்தது.

நீளம் மட்டும்தான் காரணமா, உண்மையிலேயே கூடுதல் விவரம் இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெர்க்லி ஆய்வாளர்கள் கையாண்ட வழி எளிமையானது. பட்டியலாக உள்ள ஒரு பதிலை எடுத்தார்கள். அதே பட்டியலை வேறு வார்த்தைகளில் திரும்ப எழுதி, முன்னால் ஒட்டினார்கள். புதுத் தகவல் எதுவும் இல்லை. அந்த இரட்டைப் பதிலை மேலானது என்று சொல்லும் நடுவர் ஏமாந்துவிட்டது என்று பொருள். ஜிபிடி-3.5, கிளாட் இரண்டும் சுமார் 91 விழுக்காடு தடவை ஏமாந்தன. ஜிபிடி-4 சுமார் 9 விழுக்காடு.

இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். இருபது முப்பது பதில்கள் போதும்.

மூன்றாவது சாய்வு: நம்ம வீட்டுப் பிள்ளை

நடுவர் மாடலும் போட்டியிடும் மாடலும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால்?

2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாடல்களால் தாங்கள் எழுதியதை மற்றவர்கள் எழுதியதிலிருந்து ஓரளவு அடையாளம் காண முடிகிறது என்று தெரிந்தது. அடையாளம் காணும் திறன் கூடக்கூடத் தன் எழுத்துக்கே கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் போக்கும் கூடியது.

இதை வேண்டுமென்றே செய்யும் ஓரவஞ்சனை என்று நினைக்க வேண்டியதில்லை. தனக்குப் பழக்கமான நடை, வாக்கிய அமைப்பு, பட்டியல் போடும் விதம் ஆகியவற்றை நடுவர் "நல்ல பதில்" என்று எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம்.

இதை அளப்பது மற்ற இரண்டையும்விடக் கடினம். ஒரு மாடல் தன் பதிலைத் தேர்ந்தெடுத்தால், அது உண்மையிலேயே நல்ல பதிலாகவும் இருக்கலாம். அதனால் நடைமுறையில் செய்வது இதுதான்: போட்டியில் இல்லாத வேறு நிறுவனத்தின் மாடலை நடுவராக்குவது. அல்லது இரண்டு மூன்று நிறுவனங்களின் மாடல்களை நடுவராக்கி, பெரும்பான்மைத் தீர்ப்பை எடுப்பது.

நடுவருக்கே விடை தெரியாவிட்டால்?

இதுவரை பார்த்தது சாய்வு. இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு.

அந்தக் கடைக்கே திரும்புவோம். ஒரு வாடிக்கையாளர் தமிழில் கேட்கிறார்: "ஏர்கான் வாங்கி 14 மாதம் ஆச்சு. தண்ணி ஒழுகுது. வாரண்டில பார்ப்பீங்களா?"

மாடல் அ எட்டு வரியில் பதில் எழுதுகிறது. சிரமத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறது. வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள் என்று ஐந்து யோசனைகள் சொல்கிறது. கடைசியில், "உத்தரவாதக் காலத்தில் இருப்பதால் இலவசமாகப் பழுதுபார்க்கப்படும்" என்கிறது.

மாடல் ஆ மூன்றே வரி. "உத்தரவாதம் 12 மாதம்தான், அது முடிந்துவிட்டது. கம்ப்ரசருக்கு மட்டும் 5 ஆண்டு உண்டு. தண்ணீர் ஒழுகுவது அதில் சேராது, ஆள் வந்து பார்க்கக் கட்டணம் உண்டு."

கடையின் விதிப்படி ஆ சொன்னதுதான் சரி. ஆனால் நடுவருக்கு அந்த விதி தெரியாது. அதன் கண்ணில் தெரிவது, அக்கறையான ஒரு நீண்ட பதிலும் கறாரான ஒரு சின்னப் பதிலும். அ-வுக்கு வெற்றி.

அடுத்த வாரம் தொழில்நுட்பர் அந்த வீட்டுக்குப் போய்க் கட்டணம் கேட்பார். "சாட்பாட் இலவசம்னு சொன்னுச்சே" என்று வாடிக்கையாளர் கேட்பார். அவருக்கு என்ன பதில்?

இதற்கு மருந்து உண்டு. நடுவரிடம் சரியான விடையை, அல்லது விதிமுறை ஆவணத்தை, முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பெர்க்லி ஆய்வில் கணக்குக் கேள்விகளுக்குச் செய்ததும் இதுதான். சாதாரணமாகக் கேட்டபோது 20 தீர்ப்புகளில் 14-ஐ ஜிபிடி-4 தவறாகச் சொன்னது. சரியான விடையைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது தவறியது 3 மட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அந்தக் கணக்குகளில் சிலவற்றைத் தனியாகக் கேட்டால் ஜிபிடி-4-ஆல் போட முடியும். ஆனால் தப்பான விடை கண்முன்னே இருந்தால், அதன் வழியிலேயே போய்விடுகிறது. பக்கத்து மாணவரின் தாளைப் பார்த்துக் குழம்புவது போலத்தான்.

நம் கடையும் உத்தரவாத விதிகளை நடுவருக்குக் கொடுத்து, இடம் மாற்றி மறுபடியும் ஓட்டியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அ 28, ஆ 58, தீர்ப்பு மாறியவை 14. சமம் என்று தோன்றிய போட்டியில் ஆ தெளிவாக முந்துகிறது. தடுமாறிய கேள்விகளும் பாதியாகக் குறைந்துவிட்டன. எதை வைத்து அளப்பது என்று தெரிந்த நடுவர் இடத்தைப் பார்ப்பது குறைகிறது.

தமிழ்ப் பதில்களுக்கு இது பொருந்துமா?

மேலே சொன்ன 85 விழுக்காடு ஆங்கிலக் கேள்விகளுக்கு வந்த எண். அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பல மொழிகளில் நடுவர் மாடல்களைச் சோதித்த ஓர் ஆய்வு, சுமார் 20,000 மனிதத் தீர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. நடுவர் மாடல்கள் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடும் போக்கு இருக்கிறது என்றது. இணையத்தில் குறைவாகப் புழங்கும் மொழிகளிலும் ரோமன் அல்லாத எழுத்துள்ள மொழிகளிலும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றது. அந்த மொழி பேசுபவர்களின் தீர்ப்போடு சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் பரிந்துரை.

தமிழில் எங்கே தவறும்? மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் வாக்கியத்தை "இலக்கணம் சரி" என்று நடுவர் கடந்துவிடலாம். வயதானவரை "நீ" என்று அழைக்கும் பதிலைக் கண்டுகொள்ளாமல் விடலாம். நம் ஊரில் "வெள்ளி" என்று எழுத வேண்டிய இடத்தில் "ரூபாய்" என்று வந்தாலும் விட்டுவிடலாம். தமிழ் பேசுபவர் முதல் பார்வையிலேயே பிடிக்கும் பிழைகள் இவை.

ஏஐ சிங்கப்பூர் அமைப்பு தென்கிழக்காசிய மொழிகளுக்காக உருவாக்கியுள்ள சீ-ஹெல்ம் சோதனைத் தொகுப்பில் தமிழும் இருக்கிறது. அதுபோன்ற பொதுச் சோதனை உதவும். ஆனால் ஒரு கடையின் உத்தரவாத விதி அதில் இருக்காது. அதை அந்தக் கடைதான் சோதிக்க வேண்டும்.

சரி, யாரை நம்புறது?

நடுவர் மாடலை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நடுவரை முதலில் சோதிக்க வேண்டும். வரிசை இப்படி இருக்கலாம்:

* சுமார் 50 கேள்விகளை எடுத்து, தமிழ் நன்கு தெரிந்த இருவர் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லட்டும். எந்தப் பதில் எந்த மாடலுடையது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது.

* அந்த இருவருக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அவர்களே பாதிக் கேள்விகளில்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், "நல்ல பதில்" என்றால் என்ன என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதை முதலில் எழுதி வையுங்கள்.

* பிறகு அதே 50-ஐ நடுவர் மாடலிடம் கொடுங்கள். விதிமுறை ஆவணத்தையும் சேர்த்து, இடம் மாற்றி, இரண்டு தடவை. அது மனிதர்களோடு ஒத்துப்போகும் அளவு, மனிதர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும் அளவுக்குப் பக்கத்தில் வந்தால் மிச்சக் கேள்விகளை அதனிடம் விடலாம்.

* மனிதர்களும் நடுவரும் முரண்பட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். எல்லாவற்றிலும் நடுவர் நீளமான பதிலையே தேர்ந்தெடுத்திருந்தால் சாய்வு எங்கே என்று தெரிந்துவிடும்.

"நீளத்தைப் பார்க்காதே, வரிசையைப் பார்க்காதே என்று கட்டளையிலேயே சொல்லிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். சொல்லலாம், ஓரளவு உதவும். ஆனால் சொன்னதால் சாய்வு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போனதா இல்லையா என்பதை இடம் மாற்றி ஓட்டினால்தான் காண முடியும்.

நடுவர் மாடலை மாற்றினால், அல்லது அதன் நிறுவனம் புதிய பதிப்பை வெளியிட்டால், இந்த 50 கேள்விச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். இங்கே சொன்ன விழுக்காடுகள் 2023, 2024-ஆம் ஆண்டு மாடல்களுடையவை. புதிய மாடலுக்கு எண் மாறும். கூடியதா குறைந்ததா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.